மேல் வரிசையிலிருந்து ஆறு கட்டிகள்

தராசக்காவுக்குத் தங்கமே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிடலாம். காதில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. விரலில் கிடந்த ஒரே மோதிரத்தையும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கழற்றி வீட்டு அலமாரியில் போட்டுவிட்டாள். "நிறை பாக்குற கையில நிறை எதுக்கு?" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. இருபத்தாறு வருடமாகத் தினம் காலை எட்டு மணிக்கு நிலவறைக்குள் இறங்கி, ஊரார் தங்கத்தை டன் கணக்கில் பார்த்துவிட்டு, மாலை ஐந்தரைக்கு வெறுங்கழுத்தோடு பஸ் ஏறுகிறவள் அவள்.

இந்தக் கதையை அவளிடமே கேட்டால் நாலு வரியில் முடித்துவிடுவாள். ஆகவே அவள் கணவன் பக்கமாக நின்று சொல்வதுதான் சரி. அவனும் அதே கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறான். சின்னச் சின்னத் தங்கத் தகடுகளைப் பிளாஸ்டிக் அட்டைக்குள் வைத்து மூடி முத்திரையிடுகிற சிப்ப அறைக்கு மேற்பார்வையாளன். அங்கே அவன் பெயர் அட்டையண்ணன். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த நிறுவனம் மற்றவர்களின் தங்கத்தை வாடகை வாங்கிக்கொண்டு பத்திரமாக வைத்திருக்கும், சில்லறையிலும் விற்கும். நிலவறையில் பெரிய கட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பன்னிரண்டரை கிலோ. நடுத்தளத்தில் கிலோ கட்டிகள். மேலே தெருவைப் பார்த்த கண்ணாடிக் கடையில் ஒரு கிராம், ஐந்து கிராம், பத்து கிராம் அட்டைகள். மூன்று இடத்திலும் இருப்பது தங்கம்தான் என்றாலும் மூன்றும் மூன்று ஜாதி. இதை அட்டையண்ணன் வாயால் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். கை மட்டும் ஒரே ஒரு நாள் மறந்துவிட்டது.

முதலில் தராசக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். மணல் லாரிக்காரனும் இரும்பு லாரிக்காரனும் வந்து, "அண்ணே, ஒரு நூறு கிலோ முன்னப்பின்ன போட்டுக் குடுங்கண்ணே" என்று கெஞ்சுவதைக் கேட்டபடியே வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். அப்பா ஒருநாளும் போட்டுக் கொடுத்ததில்லை. அதனால் வீட்டில் பால் பாக்கெட் எண்ணித்தான் வாங்க வேண்டியிருந்தது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் நிலவறையில் கட்டிப் பட்டியல் எழுதுகிற குமாஸ்தாவாகச் சேர்ந்தாள். ஒருநாள் எடையாளர் வாசித்த எண்ணையும் தராசு காட்டிய எண்ணையும் பார்த்து, "சார், மேலே எழுதிட்டீங்க, கீழேதான் எழுதணும்" என்றாள். மூன்றாம் வருடம் அந்த நாற்காலி அவளுடையது.

அவள் சொன்னதில் விஷயம் உண்டு. பெரிய கட்டியை அவுன்சில் நிறுப்பார்கள். ஒரு அவுன்சை நாற்பது பங்காக்கி, ஒரு பங்குவரை பார்ப்பார்கள். நிறை இரண்டு பங்குக்கு நடுவில் நின்றால் கீழ்ப் பங்கைத்தான் எழுத வேண்டும். மேலே ஏற்றி எழுதினால் இல்லாத தங்கத்தை விற்றதாகிவிடும். ஒரு வங்கி அதிகாரி, புதுச் சட்டை புது டை, ஒருமுறை தராசக்காவிடம் வந்து, "அரைப் பங்கு தானேம்மா, மேல போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்டாராம். "உங்க மரியாதை சார்" என்றாளாம். அவர் அதன் பிறகு நிலவறைப் பக்கம் வந்ததில்லை.

பெரிய கட்டி என்பது அச்சில் வார்த்து எடுத்த முரட்டுப் பிள்ளை. ஒன்றைப் போல ஒன்று இருக்காது. பதினொரு கிலோவிலும் இருக்கும், பதின்மூன்றைத் தாண்டியும் இருக்கும். தூய்மையும் அப்படியே. ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து பங்காவது பொன் இருந்தால் போதும். அதற்கு மேல் அவரவர் வார்ப்பாலையின் கைவண்ணம். ஆகவே ஒவ்வொரு கட்டியின் முதுகிலும் அதன் எண், தூய்மை, வார்த்த ஆலையின் முத்திரை, வருடம் எல்லாம் இருக்கும். அதன் நிறை பட்டியலில் இருக்கும். நிறையைத் தூய்மையால் பெருக்கி, உள்ளே இருக்கிற சுத்தப் பொன்னுக்கு மட்டும் விலை போடுவார்கள். ஒரு பெரிய கட்டிக்கு இன்ன விலை என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. எந்தக் கட்டி என்று கேட்க வேண்டும்.

கிலோ கட்டிக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும். நாலு ஒன்பது தூய்மை, அதாவது 99.99 சதவீதம்; நிறை ஆயிரம் கிராம். கிராமில் ஒரு துளி கூடினால் உண்டு, குறையவே குறையாது. அதற்கும் எண் உண்டு, ஆனால் ஒன்று கேட்டவனுக்கு எந்த ஒன்றைக் கொடுத்தாலும் கணக்கு நேர். இருபத்தைந்து கட்டி கொண்ட பெட்டியின் மேலிருந்து எடுக்க வேண்டியது, எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டியது, கொடுக்க வேண்டியது. அட்டையண்ணன் பதினொரு வருடம் அந்த அறையில்தான் குப்பை கொட்டினான்.

அட்டைகள் வேறு உலகம். தங்கத்தைத் தகடாக உருட்டி, வில்லையாக வெட்டி, மெருகேற்றி, முத்திரை அடித்து, ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, எண் போட்ட அட்டையில் மூட வேண்டும். ஒரு பெரிய கட்டியை நகர்த்த இரண்டு கை போதும். அதே பன்னிரண்டரை கிலோவை ஒரு கிராம் அட்டைகளாக நகர்த்த வேண்டுமென்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு தடவை ஒருவன் குனிந்து பார்க்க வேண்டும். கூலி எங்கே போய் ஏறும்? விலையில்தான் ஏறும்.

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சுதான். மகள் கல்லூரியிலிருந்து வந்து தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் நகர்ந்துவிடுவாள்.

"சந்தை விலை நூறுன்னு வெச்சுக்கோ," என்பான் அட்டையண்ணன். "உன் பெரிய கட்டி நூறுக்குத்தான் போகும். மிஞ்சினா நூறும் பத்து பைசாவும். எங்க ஒரு கிராம் அட்டை நூத்துப் பன்னெண்டு. உன்னோட ஆனைக்கு இல்லாத மதிப்பு என்னோட எறும்புக்கு இருக்கு!"

"அதுல பன்னெண்டு பிளாஸ்டிக்குக்கும் உங்க வாய்க்கும்," என்பாள் தராசக்கா. "அதைத் திரும்பக் கொண்டுபோய்க் குடுத்தா உங்க கடையே நூறுக்குக் குறைச்சலாத்தான் எடுக்கும். அட்டையப் பிரிச்சிருந்தா இன்னும் குறைப்பீங்க."

"வாங்குறவன் ஏழைம்மா. மொத்தமா கிலோ வாங்க அவன்கிட்ட காசு ஏது? மாசம் ஒரு கிராமா சேத்தா, அவசரத்துக்கு ஒரு கிராமா வித்துக்கலாம். உன் கட்டிய எங்க வெட்டுவான்? ரம்பத்தை வெச்சா அன்னைக்கே அதுக்கு மரியாதை போச்சு."

"வெட்ட வேணாம். நிலவறைய விட்டு வெளிய கொண்டுபோனாலே போச்சு. மறுபடி யார் நம்புவா? சோதிச்சுத்தான் உள்ள விடணும்." சொல்லிவிட்டு அவள் தட்டைக் கழுவப் போய்விடுவாள். கடைசி வார்த்தை அவளுடையதாகத்தான் இருக்கும்.

அவர்களின் பத்தாவது கல்யாண நாளுக்கு அவன் ஊழியர் தள்ளுபடியில் ஒரு கிராம் அட்டை ஒன்று வாங்கிக்கொடுத்தான். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டாள். சொன்னான். "ஏமாந்துட்டீங்க," என்றாள். ஆனாலும் அந்த அட்டை பன்னிரண்டு வருடமாக அலமாரியில் மோதிரத்துக்குப் பக்கத்தில் பிரிக்காமல் இருக்கிறது. அவர்கள் வீட்டுத் தங்கம் மொத்தமும் அவ்வளவுதான்.

நிறுவனத்தில் ஒரு விதி உண்டு: உறவுக்காரர்கள் இருவர் ஒரே நேரத்தில் நிலவறைக்குள் இருக்கக் கூடாது. அதனால் அங்கே வேலைக்குச் சேர்ந்த இருபத்தோரு வருடமாக அட்டையண்ணன் மனைவியின் வேலை இடத்தைப் பார்த்ததே இல்லை. அந்த வாய்ப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

எடையாளர்களுக்கு வருடம் ஒருமுறை கண் பரிசோதனை கட்டாயம். தராசக்கா அன்று காலை மருத்துவமனைக்குப் போனாள். அவளுக்கு அடுத்த எடையாளர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆசிரியர் ஓய்வூதிய நிதியிலிருந்து ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு ஆறு பெரிய கட்டிகள் விற்பனையாகியிருந்தன. ஆலை அவற்றை உருக்கிச் சுத்தம் செய்து கிலோ கட்டிகளாக வார்க்கும். வண்டி பத்து மணிக்கு. மேனேஜர் சிப்ப அறைக்கு வந்து, "அண்ணே, கட்டி உங்களுக்குப் புதுசா என்ன? பட்டியலைப் பாத்து ஆறை எடுத்து விட்டுருங்க" என்றார்.

அட்டையண்ணன் சந்தோஷமாக இறங்கினான். கூடவே சாவிக்காரர். அவர் வேலை கதவைத் திறப்பதும் நிற்பதும்தான், தங்கத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நிதியின் மரப்பலகையில் நாற்பத்தெட்டு கட்டிகள், அடுக்குக்கு எட்டாக ஆறு அடுக்கு. அவன் கையுறை போட்டு மேல் அடுக்கில் மூலை நசுங்கியிருந்த ஒன்றைத் தூக்கினான். பக்கங்கள் சரிவாக இருந்தன, வழுக்கிற்று. இடுப்பில் சுரீர் என்றது. பதினொரு வருடம் கிலோ பெட்டிகளை இறக்கி ஏற்றிய இடுப்பு அது.

பட்டியலில் ஆறு எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அந்த ஆறும் அடி அடுக்கில் இருந்தன. நிதிக்காரர்கள் தங்களிடம் இருப்பதில் நிறை குறைந்ததையும் தூய்மை குறைந்ததையுமாகப் பார்த்துப் பொறுக்கி விற்றிருந்தார்கள். அவற்றை எடுக்க மேலே உள்ள நாற்பதையும் இறக்க வேண்டும். அரை டன். அட்டையண்ணன் எண்ணைத் தேடவே இல்லை. அவன் மனதில் கள்ளம் ஏதும் இல்லை, பழக்கம்தான் இருந்தது. ஒரே முதலாளி, ஒரே பலகை, கேட்டது ஆறு. மேல் அடுக்கிலிருந்து ஆறை எடுத்தான், பெட்டிக்கு மூன்றாக வைத்தான், முத்திரை குத்தினான், ஆறு கட்டத்திலும் சரி போட்டுக் கீழே கையெழுத்துப் போட்டான். வண்டிக்காரர்கள் முத்திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். "இதுக்குத்தான் இவ இவ்ளோ அலட்டிக்கிறாளா?" என்று நினைத்தபடி மேலே வந்தான்.

மதியம் பன்னிரண்டரைக்குத் தராசக்கா திரும்பினாள். கண் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தார். உண்மைதான். நிலவறைக்குள் இறங்கி நிதியின் பலகையைப் பார்த்த மறு நொடி நின்றுவிட்டாள். பிறகு நடந்ததைச் சாவிக்காரர்தான் அட்டையண்ணனிடம் சொன்னார்.

"பலகையப் பாத்தாங்க. பட்டியலைப் பாத்தாங்க. மேல மிச்சமிருந்த ரெண்டு கட்டியத் தொட்டுப் பாத்தாங்க. 'மூலை நசுங்கின கட்டி எங்க?'ன்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? 'ஒண்ணையும் தொடாதீங்க, கதவைப் பூட்டுங்க'ன்னாங்க. போயிட்டாங்க."

நிலவறையிலிருந்து மேனேஜர் அறைக்கு நடந்த அந்த மூன்று நிமிடத்தில் அவள் தலைக்குள் என்ன ஓடியிருக்கும் என்பதை அட்டையண்ணன் பின்னால் பலமுறை கூட்டிப் பெருக்கிப் பார்த்தான். பட்டியலில் இருந்த ஆறும் சேர்ந்து எழுபத்திரண்டு கிலோவும் கொஞ்சமும். வெளியே போன ஆறும் எழுபத்தேழுக்குக் கொஞ்சம் குறைவு. தூய்மையும் கூடுதல். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து கிலோ சுத்தப் பொன், யாரும் காசு கொடுக்காமல் வாசல் தாண்டிப் போயிருக்கிறது. ஆலையில் பட்டியலில் உள்ள நிறையை நம்பி உலையில் போடுவார்கள். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு உலை. உருகிய பிறகு எடை கூட வந்தது தெரியலாம், ஆனால் எந்தக் கட்டி எது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. ஆசிரியர்கள் முப்பது வருடம் வைத்திருந்த, எண்ணும் முத்திரையும் உள்ள கட்டி கிலோ கட்டிகளுக்குள் கரைந்து காணாமல் போகும்.

நிலவறைக்குள் போன் கிடையாது. மேனேஜர் அறைக்குப் போக வேண்டும் என்றால் சிப்ப அறையின் கண்ணாடிச் சுவரை ஒட்டிய தாழ்வாரம்தான் வழி. அட்டையண்ணன் அவள் வருவதைப் பார்த்தான். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக் காட்டினான். "வா, சாப்பிடலாம்" என்று வாயசைத்தான். அவள் திரும்பவில்லை. நேரே பார்த்தபடி போனாள். கண்ணில் ஏதோ கோளாறு சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தான்.

பத்து நிமிடத்தில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் முகம் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. மேசை மேல் ஒரு தாள். தராசக்காவின் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

'12.40: பலகையைப் பார்த்தேன். 12.43: மேலாளரிடம் சொன்னேன். பட்டியலில் உள்ள ஆறு கட்டிகள் பலகையிலேயே உள்ளன. வெளியே சென்ற ஆறின் எண்கள் கீழே. வெளியேற்றியவர்: சிப்ப அறை மேற்பார்வையாளர், என் கணவர்.'

அட்டையண்ணன் அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தான். "சார், நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தான். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஆலைக்குப் போன் போட்டாச்சு. உலைய நிறுத்திட்டாங்க. அஞ்சு கட்டி அப்படியே இருக்கு. ஒண்ணு உள்ள போயிடுச்சு. நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. விசாரணை முடியிற வரைக்கும் வர வேணாம்."

அன்று மாலை வீட்டில் அவன் சத்தம் போட்டான். கட்டிய நாளிலிருந்து போடாத சத்தம். "தப்பு என்மேலதான். இல்லேன்னு சொல்லல. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் நிக்கிறேன், டப்பாவ வெச்சுக்கிட்டு இளிச்சுக்கிட்டு நிக்கிறேன். நாயப் பாக்குற மாதிரியாவது பாத்திருக்கலாமில்ல? அஞ்சு கிலோ தங்கத்தைவிட நான் கேவலமா?"

தராசக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கேக்கக் கூடாதுங்க," என்றாள். அவ்வளவுதான்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அறைக்குள் போனாள். ஒன்பது நாள் அவன் மனைவியோடு பேசவில்லை. அவள் காலையில் வேலைக்குப் போவாள், மாலையில் வருவாள், அவன் தட்டில் சோறு போடுவாள். அவன் சாப்பிடுவான், எழுந்துபோவான். வேலை போய்விட்டால் மகளின் படிப்பு என்னாவது என்று கணக்குப் போடுவான். ஐம்பதை நெருங்குகிற ஆளை, தங்கம் தொலைத்த ஆளை, எவன் மறுபடி வேலைக்கு எடுப்பான்? திருட்டு என்று எழுதிவிட்டால் ஜெயில். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அந்தத் தாழ்வாரமும் அவனைப் பார்க்காமல் போன அந்த முகமும் கூடவே வந்து நின்றன. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் பொன் வைக்க வேண்டிய இடத்தில் பூவாவது வைப்பார்கள் என்பார்கள். இவள் ஒன்றும் வைக்கவில்லையே என்று குமைந்தான்.

பத்தாம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள். நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி, முன்னால் ஒரு கணினி. அட்டையண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"தண்ணி குடிங்க," என்றாள் அந்த அம்மாள். "ஒளிக்காம சொல்லிடறேன். முதல்ல நாங்க சந்தேகப்பட்டது உங்க ரெண்டு பேரையும்தான். எது கனம், எது சுத்தம்னு உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும். அவங்க லீவு போட்ட அன்னைக்கு நீங்க உள்ள போறீங்க. பொறுக்கி எடுத்த மாதிரி கனமானது ஆறும் வெளிய போகுது. ஆலையில ஒரு ஆள் கூட்டு இருந்தா போதும், அஞ்சு கிலோவ உருக்கிப் பங்கு போட்டுக்கலாம். வேலியே பயிர மேஞ்ச கதை எனக்குப் புதுசில்ல."

கனமான கட்டிகள் மேலே இருந்தது தற்செயல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அட்டையண்ணனுக்கே நம்ப முடியவில்லை.

"இதப் பாருங்க," என்று கணினியைத் திருப்பினாள். தாழ்வாரத்துக் காமெரா. மணி 12.41. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பாவைத் தூக்கிப் பிடித்தபடி பல்லைக் காட்டுகிற ஒரு அசடன். இந்தப் பக்கம் தராசக்கா. ஒரு சைகை இல்லை, கண்ணோரப் பார்வை இல்லை.

"இவங்க நின்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா, ஏன், திரும்பிப் பாத்திருந்தாக்கூட, நான் இத வேற மாதிரி எழுதியிருப்பேன். பேசி வெச்சுக்கிட்டாங்க, மாட்டிக்குவோம்னு பயந்து முந்திக்கிட்டாங்கன்னு எழுதியிருப்பேன். கண்டதுக்கும் சொன்னதுக்கும் நடுவுல மூணு நிமிஷம். அந்த மூணு நிமிஷம் முழுக்க காமெராவுல இருக்கு. நடுவுல சாவிக்காரரைத் தவிர யாரோடயும் பேச்சு இல்ல. இதுக்கு மேல எனக்குச் சாட்சி வேணாம். இது திருட்டில்ல, கிலோ ரூம் பழக்கம். அப்படித்தான் எழுதப்போறேன்."

அட்டையண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். கேட்கக் கூடாது என்றாளே, அது அவனைப் பிடிக்காமல் சொன்னதில்லை. அவன் ஒன்பது நாளாக வெறுத்த அந்த முகம்தான் அவனை ஜெயில் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் அந்த அம்மாள், குரல் தணிந்து. "இது விசாரணைக்குத் தேவையில்ல. ஆனா நீங்க பாக்கணும்னு தோணுச்சு."

அது எதிர் மூலைக் காமெரா. தராசக்காவின் வலது பக்கம் தெரிந்தது. கண்ணாடியிலிருந்து பார்த்தவனுக்குத் தெரியாத பக்கம். தொங்கவிட்டிருந்த அவள் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. சாதாரண நடுக்கம் இல்லை, காற்றில் தாள் படபடக்கிற மாதிரி. கண்ணாடிச் சுவர் முடிகிற இடம் வந்ததும் இடது கையால் அந்த மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்படியே மேனேஜர் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.

இடுக்கியால் எடைக்கல்லை எடுத்து வைக்கும் கை அது. மகள் பிறந்த அன்று வலியோடு ஆஸ்பத்திரித் தாளில் கையெழுத்துப் போட்டபோதுகூட ஆடாத கை. அட்டையண்ணன் அந்தக் காட்சியை இன்னொரு முறை போடச் சொல்லவில்லை. முடியவில்லை.

தீர்ப்பு லேசாகத்தான் முடிந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தம், நிலவறைக்குள் இனிமேல் ஒருநாளும் அனுமதி இல்லை, சிப்ப அறை வேலை தொடரும். உருகிப்போன ஒரு கட்டிக்குப் பதிலாக நிறுவனம் தன்னிடமிருந்த கட்டிகளில் நிறையும் தூய்மையும் நெருங்கி வருகிற ஒன்றை நிதிக்குக் கொடுத்தது. சிறு வித்தியாசத்தைப் பணமாகத் தீர்த்தது. பட்டியலை எழுதியவள் தராசக்காதான். உருகியது எது தெரியுமா? மூலை நசுங்கின அந்தக் கட்டி. அதன் எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட்டாளாம், பேனா ஒரு கணம் நின்றதாம். சாவிக்காரர்தான் சொன்னார்.

அன்று மாலை அட்டையண்ணன் வீட்டுக்கு வந்தபோது தராசக்கா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாத் துண்டும் ஒரே அளவு. அவன் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பத்து நாளில் முதல் தடவை வாயைத் திறந்தான்.

"கை இப்ப எப்படி இருக்கு?"

"எந்தக் கை?"

"வலது கை."

கத்தி நின்றது. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இவன் எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. கண் நிறைந்துவிட்டது, ஆனால் விழவிடவில்லை.

"அந்த மூலைல காமெரா வெச்சது தப்பு," என்றாள்.

அவன் எழுந்து, கத்தியை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "காய் கருத்துப்போகும்," என்றாள்.